பொறியியல் வகுப்புச் சொற்களுக்குத் தமிழ்-ஆங்கிலப் பட்டியல் போடுவது எப்படி?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து, மதுரையில் சிவில் சேர்ந்திருக்கிறேன். வகுப்பில் வரும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் ஒரு பட்டியல் போட்டுப் படித்தால் பரீட்சைக்கு உதவுமா? எப்படிப் போடுவது?

உதவும். ஆனால் இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ் என்று இரண்டே பத்தியாகப் போடாதீர்கள். சொல்லோடு அதன் அலகையும், அது எதோடு குழம்பும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான் சிவில் முடித்தவன். திருப்பரங்குன்றத்தில் மாலை நேரத்தில் முதலாண்டு, இரண்டாமாண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். பட்டியல் வைத்திருந்தும் அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அலகு எழுதாத வரிகளில்தான்.

ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் வரும் ‘மொமென்ட் ஆஃப் இனர்ஷியா’வையே எடுத்துக்கொள்வோம். பள்ளி இயற்பியலில் இதை ‘நிலைமத் திருப்புத்திறன்’ என்று படித்திருப்பீர்கள். அங்கே அது சுழலும் பொருளின் நிறை அச்சிலிருந்து எப்படிப் பரவியிருக்கிறது என்பதைச் சொல்லும். அலகு kg m². பீம் நடத்தும்போது சார் அதே பெயரைச் சொன்னாலும், அவர் சொல்வது பீமின் குறுக்குவெட்டுப் பரப்பு அச்சிலிருந்து எப்படிப் பரவியிருக்கிறது என்பதை. இங்கே நிறைக்கே வேலையில்லை. அலகு mm⁴. நம்மூர் வீடுகளில் சாதாரணமாகப் போடும் 230 × 450 mm பீமுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்:

```
I = b d³ / 12
  = 230 × 450³ / 12
  ≈ 1.747 × 10⁹ mm⁴
```

இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லை எழுதி வைத்த பிள்ளை, பீம் கணக்கில் நிறையைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதனால் இதற்கு இரண்டு வரி போடுங்கள். ஒன்றில் ‘நிலைமத் திருப்புத்திறன் (நிறை), kg m²’. அடுத்ததில் ‘நிலைமத் திருப்புத்திறன் (பரப்பு), mm⁴’. வளைவுக்கு எதிராகப் பீம் எவ்வளவு தாங்கும் என்பதற்கு இரண்டாவதுதான் வேண்டும்.

இன்னொரு குழப்பம் ‘ஸ்ட்ரென்த்’, ‘ஸ்டிஃப்னெஸ்’. வீட்டுப் பேச்சில் இரண்டையும் ‘பலம்’ என்று சொல்லிவிடுவோம். பட்டியலில் முதலாவதை வலிமை என்றும் அடுத்ததை விறைப்பு என்றும் எழுதி, பக்கத்திலேயே Fe 415, Fe 500 கம்பிகளை உதாரணமாகப் போடுங்கள். அந்த எண்கள் கம்பி எத்தனை N/mm² தகைவில் ஈல்டு ஆகி, விசையை எடுத்தாலும் பழைய நீளத்துக்குத் திரும்பாதபடி நீளத் தொடங்கும் என்பதைக் குறிப்பவை. அதாவது வலிமை. ஆனால் இரண்டு கம்பிக்கும் யங் குணகம் ஒன்றுதான், ஏறத்தாழ 2 × 10⁵ N/mm². ஒரே நீளமும் தடிமனும் உள்ள இரண்டையும் மீட்சி எல்லைக்குள் ஒரே விசையில் இழுத்தால் ஒரே அளவுதான் நீளும். வலிமை கூடியதால் விறைப்பு கூடிவிடவில்லை. இந்த ஒரு உதாரணம் மனதில் இருந்தால் இரண்டு சொல்லும் இனி கலக்காது.

வகுப்பில் உட்கார்ந்து தமிழ்ச் சொல் தேடாதீர்கள், பாடம் போய்விடும். சார் சொன்ன வாக்கியத்தைக் காதில் விழுந்தபடியே எழுதிக்கொள்ளுங்கள்: ‘லோடு எடுத்ததும் பழைய ஷேப்புக்கு வந்துட்டா அது எலாஸ்டிக்’. அன்று ராத்திரியே தமிழ்ச் சொல்லை நிரப்புங்கள். முதலில் உங்கள் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தைப் பாருங்கள். தகைவு, திரிபு, மீட்சி எல்லை எல்லாம் அதிலேயே இருக்கின்றன, உங்களுக்குப் பழகிய சொற்களும் அவைதான். அதில் இல்லாததற்கு மட்டும் சொற்குவை தளத்துக்குப் போங்கள். ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று தமிழ்ச் சொல் கிடைத்தால் ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே எழுதுங்கள். எதுவும் மனதுக்கு ஒட்டவில்லையென்றால் ‘ஈல்டு’ என்றே இருக்கட்டும். விளக்கம் தமிழில் இருந்தால் போதும்.

திருப்பிப் படிக்கும்போது எந்தப் பக்கத்தை மூடுகிறீர்கள் என்பது முக்கியம். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழைச் சொல்வது சுலபம். ஆனால் நீங்கள் ஆங்கிலத்தில் பரீட்சை எழுதுவதாக இருந்தால், அண்ணா பல்கலைக்கழக வினாத்தாளில் முதல் பகுதியில் வரும் இரண்டு மதிப்பெண் கேள்விகளுக்கு வரையறையை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். அதனால் ஆங்கிலப் பக்கத்தை மூடிவிட்டு, தமிழ் விளக்கத்தைப் பார்த்து ஆங்கில வாக்கியத்தையும் அலகையும் தாளில் எழுதிப் பாருங்கள். விளக்கம் சரியாக வந்து அலகு தப்பினால் அந்த வரி இன்னும் புரியவில்லை என்று வைத்துக்கொண்டு, அது வரும் கணக்கு ஒன்றைப் போட்டுவிட்டு மறுபடி வாருங்கள்.