மெக்பர்னி புள்ளியும் இடம் மாறும் குடல்வாலும்

"ஸ்டான்லியில எம்.பி.பி.எஸ். முதல் வருஷம். அப்பெண்டிக்ஸ் ஏழெட்டு இடத்துல இருக்கலாம்னு அனாட்டமியில சொல்றாங்க. அப்புறம் மெக்பர்னி பாயிண்ட்னு ஒரே இடத்தை அமுக்கிப் பார்த்தா எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? பெருங்குடலோட அடையாளங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?"

இடம் மாறுவது அப்பெண்டிக்ஸ் என்கிற குடல்வாலின் நுனி. அதன் அடி, பெருங்குடலின் தொடக்கப் பையான சீக்கத்தோடு ஒட்டியே இருக்கும். மெக்பர்னி புள்ளி குறிப்பது அந்த அடியைத்தான். இதைப் பிடித்துக்கொண்டால் மீதி தானாக விளங்கும்.

முதலில் பெருங்குடல். டிசெக்ஷன் ஹாலில் பருமனை வைத்து அதை அடையாளம் காண நினைக்காதீர்கள். சுருங்கிக் கிடக்கும் சிக்மாய்டு கோலன், உப்பிய சிறுகுடலைவிட ஒல்லியாகத் தெரியும். பார்க்க வேண்டியது டீனியா கோலை என்ற மூன்று பட்டைகளை. சிறுகுடலில் நீளவாக்குத் தசை சுற்றிலும் ஒரே சீராகப் படர்ந்திருக்கும். பெருங்குடலில் அதன் பெரும்பகுதி மூன்று பட்டைகளாகத் திரண்டுவிடுகிறது. பட்டையின் நீளம் குடலின் நீளத்தைவிடக் குறைவு என்பதால், நாடா இழுத்த பாவாடைபோலக் குடல் சுருங்கிப் பை பையாகப் புடைக்கிறது. அந்தப் பைகள்தான் ஹாஸ்ட்ரா. பட்டைகளை வெட்டிவிட்டால் பைகள் தட்டையாகிக் குடல் நீண்டுவிடும். மூன்றாவது அடையாளம், வெளிப்புறம் தொங்கும் சிறு கொழுப்புத் துணுக்குகள், அதாவது அப்பெண்டிசஸ் எபிப்ளாய்க்கே. இவை சிக்மாய்டில் நிறைய இருக்கும். சீக்கம், குடல்வால், ரெக்டம் மூன்றிலும் இருக்காது. வைவாவில் விரும்பிக் கேட்கிற இடம் இது.

இந்தப் பட்டைகள் மூன்றும் சீக்கத்தில் கீழே இறங்கி, குடல்வாலின் அடியில் ஒன்றுகூடி, அதைச் சுற்றி முழு உறையாகிவிடுகின்றன. ஆகவே அறுவை சிகிச்சையில் குடல்வால் கண்ணில் படவில்லை என்றால், சர்ஜன் சீக்கத்தின் முன்பக்கப் பட்டையைக் கீழ்நோக்கிப் பின்தொடர்வார். அது நேராக அடியில் கொண்டுபோய் விடும். சீக்கத்தின் பின்–உட்பக்கச் சுவரில், சிறுகுடல் வந்து சேரும் இடத்துக்குச் சுமார் 2 செ.மீ. கீழே அந்த அடி இருக்கிறது. அங்கிருந்து குடல்வால் சராசரியாக 9 செ.மீ. நீளும், 2 செ.மீ. குட்டையும் உண்டு, 20 செ.மீ. நெட்டையும் உண்டு. அதற்கென்று மெசென்டெரி என்ற தனித் தொங்குசவ்வு இருப்பதால் நுனி தன் இஷ்டத்துக்குத் திரும்பிக் கிடக்கும்.

நுனியின் திசையைக் கடிகார மணியாகச் சொல்வது வழக்கம். நோயாளியை எதிரே நின்று பார்ப்பதாகக் கொள்ளுங்கள். அடிதான் கடிகாரத்தின் மையம். 12 மணி என்றால் சீக்கத்துக்குப் பின்னால் மேல்நோக்கி. 11 மணி, ஏறுகுடலின் வெளிப்பக்கம். 2 மணி, மண்ணீரல் திசை. இதில் சிறுகுடலின் கடைப்பகுதியான இலியத்துக்கு முன்னால் போவதும் உண்டு, பின்னால் ஒளிவதும் உண்டு. 3 மணி, சேக்ரத்தின் முகட்டை நோக்கி. 4 மணி, இடுப்புக் குழிக்குள். 6 மணி, சீக்கத்துக்கு நேர்கீழே. 1933-ல் வேக்லி வெளியிட்ட 10,000 உடல்களின் கணக்கில் 12 மணி நிலை சுமார் 65%, 4 மணி நிலை சுமார் 31%. வேறு ஆய்வுகளில் விகிதம் மாறும். ஆனால் படிக்கிறவர் மனதில் ஆழமாகப் பதிய வேண்டியவை இந்த இரண்டும்தான்.

இனி புள்ளியைக் குறிப்பது. வலப்பக்க இடுப்பெலும்பின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே முன்னால் வாருங்கள். விளிம்பு முடிகிற இடத்தில் ஒரு முனை தட்டுப்படும். அதுதான் ஆன்டீரியர் சுப்பீரியர் இலியாக் ஸ்பைன். அதிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு. கோடு 15 செ.மீ. என்றால், எலும்பிலிருந்து 5 செ.மீ. தள்ளி மெக்பர்னி புள்ளி. தொப்புளிலிருந்து மூன்றில் ஒரு பங்கை அளப்பதுதான் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. சார்லஸ் மெக்பர்னி 1889-ல் எழுதியதும் எலும்பிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் என்றுதான். தொங்கும் வயிற்றில் தொப்புளே கீழே இறங்கியிருக்கும், கர்ப்பத்தில் சீக்கம் மேலே தள்ளப்படும். அங்கெல்லாம் இந்த அளவை அப்படியே நம்பக்கூடாது. சாதாரண வயிற்றிலும் அடி இந்தப் புள்ளிக்குச் சில செ.மீ. விலகியிருப்பது சகஜம். மில்லிமீட்டர் கணக்குக்கு இங்கே வேலையில்லை.

ஒரு கற்பனைக் கேஸை எடுத்துக்கொள்வோம். தண்டையார்பேட்டைப் பையன், வயது 20. முந்தின இரவு தொப்புளைச் சுற்றி வலி, பிறகு வாந்தி. வீட்டில் சூட்டு வலி என்று தொப்புளில் விளக்கெண்ணெய் தடவி, சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் வலி வலப்பக்கம் கீழே இறங்கிவிட்டது. வலி ஏன் இடம் மாறியது? குடல்வாலின் உள்ளுறுப்பு நரம்புகள் முதுகுத்தண்டின் டி10 மட்டத்துக்குப் போகின்றன. தொப்புளின் தோலுக்கும் அதே மட்டம். அதனால் அடைத்து வீங்கும்போது வலி தொப்புளில் தெரிகிறது. அழற்சி வெளியே பரவி வயிற்றுச் சுவரின் உட்சவ்வைத் தொட்ட பிறகுதான் வலி சரியான இடத்துக்கு வரும்.

முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்லுங்கள். கையைச் சூடாக்கிக்கொண்டு, வலியில்லாத இடப்பக்கத்தில் ஆரம்பித்து, பார்வையை அவன் முகத்தில் வைத்து அமுக்கி வாருங்கள். இடப்பக்கம் அமுக்கும்போதே வலப்பக்கம் வலித்தால் அது ரோவ்சிங் அடையாளம். இந்தப் பையனுக்கு மெக்பர்னி புள்ளியில் லேசான வலிதான், வயிறும் இறுகவில்லை. அப்பெண்டிசைடிஸ் இல்லை என்று சொல்லிவிடலாமா? கூடாது. 12 மணி நிலையில் நுனிக்கும் உங்கள் விரலுக்கும் நடுவே காற்று நிறைந்த சீக்கம் நிற்கிறது. அழுத்தம் உள்ளே போய்ச் சேராது. அவன் வலத் தொடையை மடக்கியே வைத்திருப்பதைக் கவனியுங்கள். இடப்புறம் ஒருக்களித்துப் படுக்க வைத்து வலத் தொடையைப் பின்னால் இழுத்தால் துடிப்பான். சோவாஸ் தசை நீளும்போது அதன்மேல் கிடக்கும் வீங்கிய வாலும் உரசப்படுகிறது. விலாவுக்குக் கீழே பின்பக்கம் தட்டினாலும் வலிக்கும். யூரினில் சில சிவப்பணுக்கள் வந்ததும் சிறுநீரகக் கல் என்று முடிவுகட்டுவது இங்கேதான் நடக்கும். வால் யூரீட்டருக்குப் பக்கத்தில் அழன்றாலும் அந்தச் சிவப்பணுக்கள் வரும்.

4 மணி நிலை இன்னும் ஏமாற்றும். வயிற்றின் முன்சுவர் மெத்தென்று இருக்கும். ரெக்டத்தை உரசுவதால் பேதி, சிறுநீர்ப்பையை உரசுவதால் அடிக்கடி மூத்திரம். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று மருந்து எழுதி அனுப்பிவிடுவார்கள். வலத் தொடையை மடக்கி உட்பக்கம் திருப்பினால் வலிப்பது ஆப்டுரேட்டர் அடையாளம். ரெக்டல் பரிசோதனையில் விரலுக்கு வலப்பக்கம் வலி இருக்கலாம். பெண்களிடம் சினைப்பை முறுக்கு, கருக்குழாய்க் கர்ப்பம் இரண்டையும் கூடவே யோசிக்க வேண்டும். கர்ப்பப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

மணிக்கணக்காகத் துடித்தவர் திடீரென்று "இப்ப பரவாயில்லை" என்று சொன்னால் உடனே வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். குடல்வாலுக்கு ரத்தம் தரும் முக்கியத் தமனி, மாற்றுவழி இல்லாத ஒற்றைக் கிளை. அது அடைபட்டால் சுவர் அழுகி ஓட்டை விழும். உள்ளழுத்தம் போனதும் கொஞ்ச நேரம் வலி தணியும். பிறகு வயிறு முழுக்கப் பரவி, பலகைபோல இறுகும்போது நாடித் துடிப்பும் காய்ச்சலும் சேர்ந்து ஏறியிருக்கும்.