விரைவுப் பொத்தானா, நிறுவனத்தின் விண்ணப்பப் பக்கமா?

“கோவையில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் 6 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சென்னையில் உள்ள பன்னாட்டு நிறுவனங்களின் கணக்கு மையங்களுக்கு மாற விரும்பி, மூன்று மாதமாக லிங்க்ட்இன்னில் Easy Apply பொத்தானை அழுத்தியே நூறு இடங்களுக்கு மேல் விண்ணப்பித்துவிட்டேன். ஓர் அழைப்புகூட வரவில்லை. கம்பெனி வெப்சைட்டில் போட்டால்தான் பார்ப்பார்கள் என்கிறார் தோழி. ஆனால் அங்கே ஒரு விண்ணப்பத்துக்கே முக்கால் மணி நேரம் ஆகிறது. எதைச் செய்வது?”
— வாசகி, கோவை

நீங்கள் குறிவைக்கும் வகை நிறுவனங்களுக்கு, அவற்றின் சொந்தத் தளத்திலேயே விண்ணப்பியுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து பொத்தான்களை அழுத்துவதற்குப் பதில் வாரத்துக்கு மூன்று விண்ணப்பங்களை முழுமையாக நிரப்பி அனுப்பினால் போதும். ஆளெடுக்கும் பிரிவில் 14 ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில், இரண்டு வழிகளிலும் வரும் விண்ணப்பங்கள் மறுபக்கத்தில் எப்படித் தெரிகின்றன என்பதைச் சொல்கிறேன். அது தெரிந்தால் மீதியை நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள்.

விரைவுப் பொத்தானில் வந்த விண்ணப்பங்கள் எங்களுக்கு ஒரு நீண்ட பட்டியலாகத் தெரியும். ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு கட்டம்: படம், பெயர், பெயருக்குக் கீழே நீங்கள் எழுதிவைத்த ஒற்றை வரித் தலைப்பு, இப்போதைய வேலை, ஊர். அதைத் தட்டினால்தான் ரெஸ்யூம் திறக்கும். பட்டியலில் முந்நூறு பேர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முந்நூறு ரெஸ்யூம்களையும் யாரும் திறப்பதில்லை. யாரைத் திறப்பது என்பதை அந்தச் சிறு கட்டம்தான் தீர்மானிக்கிறது. உங்கள் தலைப்பு வரியில் “வேலை தேடுகிறேன்” என்று மட்டும் இருந்தால், நீங்கள் விலைப்பட்டியல் சரிபார்ப்பில் 6 ஆண்டு அனுபவம் உள்ளவர் என்பதோ, சேப் மென்பொருளில் வேலை செய்தவர் என்பதோ பட்டியலைப் பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. அவர் கண்ணில் படுவது கோவையில் ஒரு நூற்பாலையின் பெயர், அவ்வளவுதான். “அக்கவுண்ட்ஸ் பேயபிள், சேப், 6 ஆண்டு, சென்னைக்கு மாறத் தயார்” என்பதை ஆங்கிலத்தில் அந்த வரியில் எழுதிவையுங்கள். விரைவுப் பொத்தானை இனி எப்போதாவது அழுத்தினாலும் அந்த வரி உங்களுக்கு உதவும்.

பொத்தானை அழுத்தியதும் வரும் நாலைந்து கேள்விகளை நீங்கள் அவசரமாகக் கடந்திருப்பீர்கள். இந்த மென்பொருளில் எத்தனை ஆண்டு அனுபவம், எத்தனை நாளில் சேர முடியும் என்பவைதான் பெரும்பாலும். விளம்பரம் கொடுப்பவர் இவற்றில் சிலவற்றைக் கட்டாயத் தகுதி என்று குறித்துவைக்கலாம். அப்படிக் குறித்த கேள்விக்கு ஒத்துவராத பதில் தந்தவர்களின் விண்ணப்பம் தனியாக ஒதுக்கப்பட்டுவிடும். அதைத் திறந்து பார்க்கும் வேலை யாருக்கும் இல்லை. இதில் ஒரு பொறி இருக்கிறது. முன்பு எங்கோ தந்த பதில், அடுத்த விண்ணப்பத்தில் சில நேரம் தானாகவே நிரம்பி நிற்கும். மூன்று மாதத்துக்கு முன் ஏதோ ஒரு இடத்தில் சேப் அனுபவத்துக்கு 0 என்று தட்டியிருந்தால், அதற்குப் பிறகு அனுப்பியவற்றிலும் அந்த 0 போயிருக்கக்கூடும். அதேபோல, கடைசியாக ஏற்றிய ரெஸ்யூம்தான் இணைப்பில் நிற்கும். அது எது என்பதைப் பார்க்காமலே அனுப்பியவர்கள் ஏராளம்.

இனி நிறுவனத்தின் பக்கம். பெரிய நிறுவனங்கள் ஒர்க்டே, சக்சஸ்ஃபேக்டர்ஸ், டேலியோ போன்ற ஆளெடுப்பு மென்பொருள்களை வைத்திருக்கின்றன. அங்கே நீங்கள் நிரப்பும் படிவம் நேராக அந்தப் பணியிடத்தின் எண்ணுக்குக் கீழே போய்ச் சேர்கிறது. உங்கள் நோட்டீஸ் காலம், இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், படிப்பு, ஒவ்வொரு வேலையின் தொடக்கமும் முடிவும் தனித்தனிக் கட்டங்களில் நிற்பதால், “60 நாளுக்குள் சேரக்கூடியவர், 4 ஆண்டுக்கு மேல் அனுபவம்” என்று நாங்கள் வடிகட்டும்போது உங்கள் பெயர் மேலே வருகிறது. எந்த வழியாக வந்தவர் என்பதும், இதே நிறுவனத்துக்கு முன்பு விண்ணப்பித்திருக்கிறாரா என்பதும் அந்தத் திரையிலேயே தெரியும். சொந்தத் தளத்துக்கு வந்தவர் என்பதற்காக யாரும் கூடுதல் மதிப்பெண் போடுவதில்லை. தேடும்போது அகப்படுகிறீர்கள் என்பதே நீங்கள் பெறும் பயன்.

அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றிய உங்கள் சலிப்பு நியாயமானது. ரெஸ்யூமை ஏற்றச் சொல்லிவிட்டு, அதே ரெஸ்யூமில் உள்ளதை வரி வரியாக மறுபடி தட்டச் சொல்வதும், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிக் கணக்கும் தனிக் கடவுச்சொல்லும் கேட்பதும், கடைசியில் “பரிசீலனையில் உள்ளது” என்ற ஒற்றை வரியை ஆறு மாதம் தொங்கவிடுவதும் வேலை தேடுபவரின் நேரத்துக்கு எந்த மதிப்பும் தராத ஏற்பாடு. இதை மாற்றும்படி நான் வேலை பார்த்த இடங்களில் பல முறை எழுதிக் கொடுத்தேன். ஒரு முறைகூட மாறவில்லை. ஆகவே நேரத்தைக் குறைக்கும் வழியை நீங்கள்தான் செய்துகொள்ள வேண்டும். வேலை செய்த இடங்கள், தேதிகள், பொறுப்புகள் அனைத்தையும் ஒரே கோப்பில் எழுதிவைத்துக்கொண்டால், நாலாவது விண்ணப்பத்திலிருந்து இருபது நிமிடம் போதும்.

ரெஸ்யூமை ஏற்றியதும் மென்பொருள் அதைப் படித்துக் கட்டங்களைத் தானே நிரப்பும். பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்த அழகு வடிவங்களும் அட்டவணைகளும் இங்கேதான் காலை வாரும். உங்கள் ரெஸ்யூமைத் திறந்து முழுவதையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிகள் முன்பின்னாகக் கலைந்து வந்தால், மென்பொருளுக்கும் அப்படித்தான் தெரியப்போகிறது என்று கொள்ளலாம். தமிழர்களுக்கு இன்னொரு சிக்கல், தலைப்பெழுத்து. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் கேட்கும். ஓரிடத்தில் தலைப்பெழுத்தையும், இன்னோரிடத்தில் அப்பாவின் முழுப் பெயரையும், வேறோரிடத்தில் ஒரு புள்ளியையும் போட்டால், பின்னால் சான்றிதழ் சரிபார்ப்பின்போது விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பான் அட்டையில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். மென்பொருள் உங்களை அடையாளம் காண்பது பெரும்பாலும் அவற்றை வைத்துத்தான்.

நான் மிகவும் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. நீங்கள் பொத்தானை அழுத்திய நூறு விளம்பரங்களில் எத்தனை அந்த நிறுவனமே கொடுத்தவை, எத்தனை கன்சல்டன்சிகள் கொடுத்தவை என்று பார்த்தீர்களா? “முன்னணிப் பன்னாட்டு நிறுவனம் ஒன்றுக்கு” என்று பெயரை மறைத்து வரும் விளம்பரம் இடைத்தரகருடையது. அதில் பொத்தானை அழுத்தினால் உங்கள் ரெஸ்யூம் நிறுவனத்துக்குப் போவதில்லை. தரகரின் கைக்குப் போகிறது. அவர் உங்களிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் அதை ஒரு நிறுவனத்தின் தளத்தில் ஏற்றிவிட்டால், குறிப்பிட்ட காலத்துக்கு நீங்கள் “அவருடைய ஆள்” என்று பதிவாகிவிடுவீர்கள். அவருக்கும் நிறுவனத்துக்கும் உள்ள ஒப்பந்தத்தைப் பொறுத்து, அந்தக் காலம் பொதுவாக 6 மாதம் முதல் ஓராண்டு வரை இருக்கும். இதற்கிடையில் நீங்கள் நேராக விண்ணப்பித்தால், ஏற்கெனவே உள்ளவர் என்று திரையில் வரும். இப்படி வந்தவர்களை எடுத்தால் தரகருக்குக் கட்டணம் தர வேண்டுமே என்ற கணக்கில் அவர்களைத் தள்ளிவைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். திறமையான ஒரு பெண், தனக்குத் தெரியாமலே மூன்று தரகர்களால் ஒரே பணியிடத்துக்கு ஏற்றப்பட்டிருந்தார்; யாருக்குக் கட்டணம் என்ற தகராறு வேண்டாம் என்று அவருடைய விண்ணப்பத்தையே மூடிவிட்டார்கள். அவருக்கு இன்றுவரை காரணம் தெரியாது. ஆகவே தரகர் அழைத்தால் நிறுவனத்தின் பெயரையும் பணியிட எண்ணையும் கேளுங்கள். சொல்ல மறுத்தால் ரெஸ்யூம் தராதீர்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரப்படும் முன்பணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

நிறுவனத்தின் தளத்துக்குப் போகும்போதும், யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பைத் தட்டாதீர்கள். நிறுவனத்தின் முகப்புப் பக்கத்தைத் திறந்து, அங்கிருந்து Careers பகுதிக்கு நீங்களே செல்லுங்கள்.

ஒரே ஒரு சூழ்நிலையில் இரண்டு வழிகளிலும் உடனே விண்ணப்பிக்க வேண்டாம்: அந்த நிறுவனத்தில் உங்களுக்குத் தெரிந்தவர் வேலை பார்க்கிறார் என்றால். இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பலர் வரிசையை மாற்றிச் செய்துவிடுகிறார்கள். முதலில் விண்ணப்பித்துவிட்டுப் பிறகு, “அக்கா, உள்ளே கொஞ்சம் சொல்லுங்கள்” என்று கேட்கிறார்கள். ஊழியர் பரிந்துரைக்கு நிறுவனங்களில் தனிப் பதிவுமுறை உண்டு. ஊழியர் உங்கள் ரெஸ்யூமைத் தன் கணக்கிலிருந்து ஏற்றுவார், உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வரும், அதில் உள்ள இணைப்பின் வழியாகத்தான் நீங்கள் படிவத்தை நிரப்ப வேண்டும். அப்போதுதான் எங்கள் திரையில் பரிந்துரை என்ற குறிப்போடு வருவீர்கள். அந்தக் குறிப்புள்ள விண்ணப்பங்களைத்தான் முதலில் திறப்போம். நீங்கள் ஏற்கெனவே நேராக விண்ணப்பித்திருந்தால், பல நிறுவனங்களின் விதிப்படி அதற்குப் பின் வரும் பரிந்துரை கணக்கில் சேராது. உங்களைப் பரிந்துரைத்தவருக்கு ஊக்கத்தொகையும் கிடைக்காது. எனவே முதலில் அவரிடம் பணியிட எண்ணை அனுப்பிக் கேளுங்கள், இரண்டு மூன்று நாள் பொறுங்கள், பதில் இல்லையென்றால் நேராக விண்ணப்பியுங்கள். விளம்பரத்தின் கடைசி நாள் நெருங்கிவிட்டால் பொறுக்க வேண்டியதில்லை. தெரிந்தவர் என்று நான் சொல்வது உங்கள் வேலையை அறிந்த ஒருவரை. டெலிகிராம் குழுக்களில் பணம் வாங்கிக்கொண்டு பரிந்துரை விற்பவர்களை அல்ல. அது வெளியே தெரிந்தால் விற்றவருடைய வேலையோடு உங்கள் விண்ணப்பமும் போகும்.

ஏற்கெனவே அனுப்பிய நூறையும் நினைத்து வருந்த வேண்டாம். அவற்றில் நிறுவனத்தின் பெயர் தெரிந்த, உங்களுக்கு உண்மையிலேயே பொருந்துகிற பத்தை எடுத்து, ஒவ்வொன்றும் நிறுவனத்தின் தளத்தில் இன்னும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் அதே மின்னஞ்சலைக் கொண்டு அங்கே முழுமையாக விண்ணப்பியுங்கள். சில நிறுவனங்கள் லிங்க்ட்இன்னைத் தங்கள் மென்பொருளோடு இணைத்திருப்பதால், “நீங்கள் ஏற்கெனவே விண்ணப்பித்துள்ளீர்கள்” என்று வரக்கூடும். அப்படி வந்தால் உங்கள் விண்ணப்பம் உள்ளே சேர்ந்துவிட்டது என்றுதான் பொருள். அதைத் திறந்து, விடுபட்ட கட்டங்களை நிரப்ப அனுமதித்தால் நிரப்புங்கள். அனுமதிக்காவிட்டால் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். நிறுவனத்தின் தளத்தில் இல்லவே இல்லாத பணியிடம், லிங்க்ட்இன்னில் மட்டும் மாதக்கணக்கில் மறுபடி மறுபடி வெளியாகிக்கொண்டிருந்தால், அதற்கு இன்னொரு முறை விண்ணப்பிக்காதீர்கள்.