பழைய வண்டியை விற்கும் முன் ஆர்.சி.க்கு ஒரு முடிவு கட்டுங்கள்

கேள்வி: 2010-ல் எங்க அப்பா வாங்குன ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டருங்க. ஆர்.சி. தேதி முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு. கோபியில ஒருத்தர் 4,000 தர்றேன், பார்ட்ஸுக்குத்தான் எடுக்கிறேன், பேப்பர் வேண்டாம்ங்கிறார். 15 வருசம் ஆன வண்டிய ஓட்டவே கூடாதுன்னும் சொல்றாங்க. என்ன செய்யறதுங்க?

முதலில் பயத்தை விடுங்கள். 15 வருடம் ஆன பெட்ரோல் வண்டியை ஒதுக்கும் தடையெல்லாம் டெல்லி வட்டாரத்துக்கானது. நம்ம ஊரில் ஆய்வில் தேறினால் பதிவை இன்னும் 5 வருடத்துக்குப் புதுப்பிக்கலாம்.

தேறுமா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஹேண்டில் பாருக்குக் கீழே கழுத்துக் குழாயில் சேசிஸ் நம்பர் குத்தியிருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மேலே தாள் வைத்துப் பென்சிலால் தேயுங்கள். ஒவ்வொரு எழுத்தும் தாளில் விழ வேண்டும், ஆர்.சி.யோடு ஒத்துப்போகவும் வேண்டும். இன்ஜின் நம்பரையும் இப்படியே பாருங்கள். எப்போதோ பட்டறையில் இன்ஜினை மாற்றி, ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டிருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பிரேம் துருப்பிடித்து இற்றுப் போயிருந்தால் புதுப்பிப்பதை மறந்துவிடலாம்.

நம்பர் தெளிவாக இருந்து, வண்டியும் தினம் தோட்டத்துக்குப் போய் வருகிறது என்றால், புதுப்பிப்பதுதான் என் யோசனை. கட்டணம் 1,000 ரூபாய். தாமதத்துக்கு மாதம் 300 வீதம் நாலு மாதத்துக்கு 1,200. ஸ்மார்ட் கார்டுக்கு 200. ஆக 2,400. இதற்கு மேல் பசுமை வரியும் புகைச் சான்றும் உண்டு; மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும் சுமார் 850 ரூபாய். டயர், ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் விளக்கு சரிசெய்யும் செலவு தனி. parivahan.gov.in தளத்தில் படிவம் 25-ஐ நிரப்பிப் பணம் கட்டிவிட்டு, வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும். பதிவு முடிந்த வண்டியை ரோட்டில் ஓட்டினால் குற்றம், ஆய்வுக்கோ வண்டி நேரில் வந்தாக வேண்டும்! இந்த முடிச்சை அவிழ்க்க யாருக்கும் நேரமில்லை. குட்டியானையில் ஏற்றிப் போய்விடுங்கள். அடுத்த முறை வண்டிக்கு 20 வயது தாண்டியிருக்கும், அப்போது கட்டணமே 2,000.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல் டீக்கடையில் "எல்லாம் சேர்த்து இவ்வளவு குடுங்க, வண்டி வரவே வேண்டாம்" என்பவரிடம் ஆர்.சி.யை நீட்டாதீர்கள். மேலே சொன்ன கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டி, மீதிப் பணம் எதற்கு என்று கேளுங்கள்.

இனி அந்த 4,000 ரூபாய்க்காரர். பார்ட்ஸுக்கு என்று எடுத்த வண்டி நன்றாக ஓடினால் அதை யாரும் பிரிக்க மாட்டார்கள். கைமாறிக் கைமாறி எங்கோ ஓடும், பதிவேட்டில் அப்பா பெயரே நிற்கும். விபத்து நடந்தால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். விற்ற கார் பலரிடம் கைமாறிய பிறகு விபத்தில் சிக்கிய வழக்கில், பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெள்ளைத்தாளில் எழுதிய ரசீதை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ஐ நிரப்பாமல் வெறுமனே நீட்டி அப்பா கையெழுத்தைக் கேட்டால் பேச்சை அங்கேயே முடியுங்கள்.

பிரித்துத்தான் விற்க வேண்டும் என்றால், வண்டி இனி ஓடாது என்று அப்பா எழுதிக் கொடுத்து, ஆர்.சி.யை ஒப்படைத்து, பதிவு ரத்தான உத்தரவைக் கையில் வாங்கிய பிறகு பிரியுங்கள். சேசிஸ் நம்பர் குத்திய துண்டை வெட்டி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அது திருட்டு வண்டிக்குப் போய்விடக் கூடாது.

அரசு பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்தால் ஒப்படைப்புச் சான்று தருவார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் தரும் சீட்டு அதற்கு ஈடாகாது. நூறு கிலோ சொச்சம் எடையுள்ள வண்டிக்கு இரும்பு விலைதான் கிடைக்கும். சான்றைக் காட்டினால் புது வண்டிக்குப் பதிவுக் கட்டணம் இல்லை என்று பெரிதாகச் சொல்வார்கள். பைக்குக்கு அந்தக் கட்டணமே 300 ரூபாய்தான். அந்த மையமும் எல்லா ஊரிலும் கிடையாது. பிரேம் போன வண்டிக்கு மட்டும் இந்த வழி.

இன்னொன்று, பலரும் இதில்தான் தடுக்குகிறார்கள். ஆர்.சி.யின் பின்பக்கத்தில் பைனான்ஸ் கம்பெனி பெயர் இருக்கிறதா பாருங்கள். தவணையை 2012-லேயே கட்டி முடித்திருப்பீர்கள், ஆனால் பதிவேட்டில் கடன் அப்படியே நிற்கும். பெயர் மாற்றமும் நடக்காது, ஸ்கிராப் மையமும் வண்டியை எடுக்காது. கம்பெனியிடம் தடையில்லாச் சான்றும், அவர்கள் முத்திரையிட்ட படிவம் 35-ம் வாங்கி, கடன் பதிவை நீக்க வேண்டும். கிளையை மூடியிருந்தால் தலைமை அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கடன் கணக்கு எண்ணும் வண்டி எண்ணும் கடிதத்தில் இருக்கட்டும். கடைசித் தவணை ரசீது கிடைத்தால் நகலை மட்டும் இணையுங்கள், அசலை யாரிடமும் கொடுக்க வேண்டாம். புதுப்பிப்பதானாலும் இந்த வேலையை இப்போதே முடித்துவிடுங்கள்.