கடிதம் வாசித்த குரலும் பின்னால் ஒலித்த வயலினும்

கேள்வி: பல வருடங்களுக்கு முன் டிவியில் ஓர் ஆவணப்படத் தொடர் பார்த்தேன். பெயர் மறந்துவிட்டது. ஏதோ ஒரு பழைய போரைப் பற்றியது. ஒருவர் நிதானமாகக் கதை சொல்வார், நடுநடுவே வேறு வேறு குரல்கள் கடிதங்களைப் படிக்கும். பின்னால் மெதுவான, சோகமான வயலின், கூடவே கிட்டார் மாதிரி ஒன்று. அந்தக் காலத்து நாட்டுப்புறப் பாட்டாக இருக்கும் என்று நினைத்துத் தேடியும் கிடைக்கவில்லை. படத்தின் பெயரே தெரியாமல் இசையைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் இசையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், குரலிலிருந்து ஆரம்பியுங்கள். "சோகமான வயலின்" என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து விழும். குரல் அப்படியல்ல. ஓர் ஆவணப்படத்தில் யார் பேசுகிறார்கள், எந்த இடத்தில் நின்று பேசுகிறார்கள் என்பதே அதை எடுத்தவர் யார், எந்தக் காலத்தில் எடுத்தார் என்பதைப் பாதி சொல்லிவிடும்.

முகம் காட்டாமல் எல்லாம் தெரிந்தவராக ஒரே ஒருவர் பேசுவது ஒரு வகை. இயற்கைப் படங்களில் இதுதான் அதிகம். தொகுப்பாளரே திரையில் நடந்துகொண்டு "நான்" என்று பேசுவது இன்னொரு வகை. பேச்சே இல்லாத படங்களும் உண்டு, அவற்றில் இசைதான் கதை சொல்லும். நீங்கள் சொல்வது இவை எதுவுமில்லை. முதன்மைக் குரல் ஒன்று, கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் அந்தந்த மனிதர்களாகவே மாறிப் படிக்கும் குரல்கள் பல. இந்த முறையைத் தன் முத்திரையாக ஆக்கிக்கொண்டவர் அமெரிக்க இயக்குநர் கென் பர்ன்ஸ். பழைய நிழற்படங்களின் மேல் கேமரா மெல்ல நகர்வதும் அவர் பாணிதான். ஆப்பிளின் வீடியோ எடிட்டிங் மென்பொருளில் அந்த நகர்வுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அவர் நிறையத் தொடர்கள் எடுத்திருக்கிறார். அதனால் அடுத்து உங்களிடமே ஒரு கேள்வி: போரைக் காட்டும்போது படங்கள் அசைந்தனவா? வீரர்கள் ஓடுவதும் குண்டு வெடிப்பதும் பழைய ஃபிலிமில் நினைவுக்கு வந்தால், அது இருபதாம் நூற்றாண்டுப் போர். இரண்டாம் உலகப் போரைப் பற்றி 2007-ல் அவர் ஒரு தொடர் செய்திருக்கிறார். போர் முழுக்க அசையாத நிழற்படங்களாகவே நினைவிருந்தால், சினிமா கேமரா வருவதற்கு முந்தைய போர். அப்படியானால் 1990 செப்டம்பரில் அமெரிக்காவின் பிபிஎஸ் தொலைக்காட்சியில் ஒன்பது பாகங்களாக வந்த "தி சிவில் வார்" என்பதே என் கணிப்பு. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின் கதை அது. நிதானமாகக் கதை சொல்பவர் வரலாற்றாசிரியர் டேவிட் மெக்கல்லோ. கடிதங்களைப் படிப்பவர்களில் நடிகர்கள் பலர். ஜனாதிபதி லிங்கனாகப் பேசுபவர் சாம் வாட்டர்ஸ்டன், அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஃபிரெடெரிக் டக்ளஸாகப் பேசுபவர் மார்கன் ஃப்ரீமன்.

சரி, இப்போது வாத்தியத்துக்கு வரலாம். இங்கே நினைவு கொஞ்சம் ஏமாற்றும். எதில் ஏமாற்றும், எதில் ஏமாற்றாது என்று தெரிந்திருந்தால் போதும். ஒலி எப்படிப் பிறந்தது என்பதை, அதாவது வில்லால் இழுத்ததா, விரலால் மீட்டியதா, தட்டியதா, ஊதியதா என்பதைப் பெரும்பாலானோர் சரியாகவே சொல்கிறார்கள். தனி வாத்தியமா, கூட்டமா என்பதிலும் பிழை குறைவு. வாத்தியத்தின் பெயரில்தான் குழப்பம் வரும். வயோலாவை வயலின் என்பார்கள், மேண்டலினைக் கிட்டார் என்பார்கள். அதனால்தான் "கிட்டார் மாதிரி ஒன்று" என்று நீங்கள் விட்டுவைத்தது எனக்குப் பிடித்தது. மீட்டும் வாத்தியம் என்று மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அதைவிடப் பெரிய பொறி "சோகம்" என்ற சொல். அந்தச் சோகம் மெட்டில் இருந்ததா, அப்போது படித்துக்கொண்டிருந்த கடிதத்தில் இருந்ததா என்று நினைவால் பிரிக்க முடியாது. சோகம் என்றவுடன், சோகத்துக்கு உரியதாகப் பொதுவாகக் கருதப்படும் மைனர் ஸ்கேலில் அமைந்த இசையாகத் தேடி வழிதவறுபவர்கள் உண்டு. அதற்குப் பதிலாகத் தாளத்தைப் பிடியுங்கள். நினைவிலிருக்கும் மெட்டை முணுமுணுத்துக்கொண்டே மேசையில் தட்டிப் பாருங்கள். ஒன்று-இரண்டு-மூன்று, ஒன்று-இரண்டு-மூன்று என்று விழுகிறதா, நான்காக விழுகிறதா? வேகத்தை நினைவு மாற்றிவிடும். ஆனால் மூன்றை நான்காக அது அவ்வளவு எளிதில் மாற்றுவதில்லை.

மூன்றாக விழுந்தால், நீங்கள் தேடுவது "அஷோகன் ஃபேர்வெல்". அந்தத் தொடரில் திரும்பத் திரும்ப வரும் மெட்டு இதுதான். உங்கள் தேடல் தோற்றதற்கான காரணமும் இதற்குள்ளேயே இருக்கிறது. கேட்டால் நூறு வருடப் பழைய ஸ்காட்லாந்துப் புலம்பல் மாதிரி இருக்கும், ஆனால் அது போர்க்காலப் பாட்டே இல்லை. ஜே உங்கார் என்ற அமெரிக்க ஃபிடில் கலைஞர் 1982-ல் இயற்றியது. நியூயார்க் மாநிலத்தில் அஷோகன் என்ற இடத்தில் அவர் நடத்திய இசை, நடன முகாம் முடிந்து எல்லோரும் பிரிந்துபோன ஏக்கத்தில் பிறந்த மெட்டு. "ஃபிடில் ஃபீவர்" என்ற அவருடைய குழு அதை ஒரு ஆல்பத்தில் வெளியிட, அதைக் கேட்ட பர்ன்ஸ் தன் தொடருக்கு எடுத்துக்கொண்டார். அதாவது படத்துக்காக எழுதிய இசையும் இல்லை, போர்க்காலத்து இசையும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு நாட்டுப்புறப் பாட்டுகளின் பட்டியலில் எவ்வளவு தேடினாலும் அது அங்கே இருக்காது. அது மைனரில் இல்லை, மகிழ்ச்சிக்கு உரியதாகப் பொதுவாகக் கருதப்படும் மேஜர் ஸ்கேலில் அமைந்தது என்பதையும் கவனியுங்கள்.

உறுதி செய்ய முதல் பாகத்தின் முடிவுக்குப் போங்கள். சல்லிவன் பல்லூ என்ற வீரர் 1861 ஜூலையில் மனைவிக்கு எழுதிய கடிதத்தை ஒரு குரல் வாசிக்கும், பின்னால் இந்த மெட்டு ஒலிக்கும். கொஞ்ச நாளிலேயே புல் ரன் சண்டையில் பட்ட காயத்தால் அவர் இறந்துபோனார். தொடரைப் பார்த்த பலருக்கும் வயலினும் கடிதமும் ஒன்றாக ஒட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். உங்களுக்கும் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். தேடுவதற்கு இது போதும்:

```
"Ashokan Farewell" "Fiddle Fever"
```

குழுவின் பெயரையும் சேர்த்துத் தேடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த மெட்டை இப்போது எத்தனையோ பேர் வாசித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். நீங்கள் கேட்ட பதிவில் முதலில் வயலின் தனியாக ஆரம்பிக்கும், கிட்டார் அதற்குப் பிறகுதான் வந்து சேரும். எடுத்தவுடனேயே பெரிய வாத்தியக் குழு முழங்கினால் மெட்டு சரி, பதிவு வேறு.

பாட்டைக் கண்டுபிடிக்கும் செயலிகளை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று தோன்றலாம். ஷாஸம் போன்றவை ஒரு குறிப்பிட்ட பதிவின் ஒலித் தடத்தை ஒப்பிடுபவை. ஆவணப்படத்தில் யாராவது பேச ஆரம்பித்தவுடன் இசையைத் தாழ்த்திவிடுவார்கள், அப்போது செயலிக்குக் கிடைப்பது பெரும்பாலும் குரல்தான். பேச்சு நின்று இசை மேலெழும் பத்து விநாடி இடைவெளியைத் தேடிப் பிடித்துக் காட்டினால் வேலை செய்யும், ஆனால் அதற்குப் படம் கையில் இருக்க வேண்டும். முணுமுணுத்துத் தேடும் வசதி வேறு. அதற்குத் தெளிவான மெட்டு தேவை. உங்கள் வயலின் அதற்குப் பொருந்தும். சின்தசைசர் வெறுமனே இழுத்து நிற்கும் இசைக்கு அது உதவாது.

நீங்கள் பார்த்தது வேறு மொழியில் பேசியதாக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொதுவாகக் கவலை வேண்டாம். வெளிநாட்டுக்குக் கொடுக்கும்போது பேச்சு தனியாகவும், இசையும் சத்தங்களும் சேர்ந்து இன்னொரு தடமாகவும் போகும். வாங்குபவர் பேச்சை மட்டும் மாற்றுவார். 2006-ல் பிபிசி வெளியிட்ட "பிளானட் எர்த்" தொடருக்குப் பிரிட்டனில் டேவிட் அட்டன்பரோ குரல், அமெரிக்காவில் சிகர்னி வீவர் குரல். இசை ஜார்ஜ் ஃபென்டனுடையது. இப்படிப்பட்ட படங்களில் குரல் மாறினாலும் அசல் படத்தின் இசையமைப்பாளரைத் தேடினால் போதும்.

விதிவிலக்கும் உண்டு, அதைக் காட்டிக்கொடுப்பதும் பேச்சின் பாணிதான். பேரரசப் பெங்குவின்களைப் பற்றி லூக் ஜாக்கே எடுத்து 2005-ல் வந்த பிரெஞ்சுப் படத்தில் பெங்குவின்களே "நான்", "நாம்" என்று பேசும். அதற்கு இசை எமிலி சிமோன். எலக்ட்ரானிக் ஒலிகளும் ஒரு பெண்குரல் பாடும் பாடல்களுமாக இருக்கும். அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் மார்கன் ஃப்ரீமன் வெளியிலிருந்து கதை சொல்வதாக மாற்றினார்கள், இசையையும் எடுத்துவிட்டு அலெக்ஸ் வர்மனைப் புதிதாக எழுத வைத்தார்கள். காட்சிகள் அவையே, ஆல்பங்கள் மட்டும் இரண்டு. ஆகவே ஒரு படத்தின் இசை ஆல்பத்தைக் கேட்டு "இது இல்லையே" என்று தோன்றினால், படத்தைத் தவறாகப் பிடித்துவிட்டோம் என்று உடனே கைவிடாதீர்கள். கதை சொன்னது யார், தன்மையிலா படர்க்கையிலா என்று நினைவுபடுத்திப் பார்த்துவிட்டு, அந்தப் படத்துக்கு வேறு வடிவம் உண்டா என்று தேடுங்கள்.

ஒருவேளை மேசையில் தட்டியபோது மூன்றாக விழவில்லை என்றாலும் அதே தொடரிலேயே இன்னும் கொஞ்சம் தேடுங்கள். அதில் போர்க்காலத்து உண்மையான பாட்டுகளும் நிறைய வருகின்றன. ஜாக்குலின் ஷ்வாப் தனியாகப் பியானோவில் வாசித்தவையும் இருக்கின்றன. தொடரின் இசை 1990-லேயே ஆல்பமாக வந்துவிட்டது. அதை முதலிலிருந்து கேட்டுப் பாருங்கள். அதிலும் கிடைக்காவிட்டால் ஒவ்வொரு பாகத்தின் இறுதியிலும் ஓடும் பெயர்ப்பட்டியலை நிறுத்தி நிறுத்திப் படியுங்கள். `Music by` என்று ஒரே பெயர் வந்தால் படத்துக்கென்று எழுதிய இசை. மெட்டுகளின் பெயரும் வாசித்தவர்களின் பெயருமாக நீண்ட பட்டியல் வந்தால், ஏற்கெனவே இருந்த பதிவுகளை எடுத்துக் கோத்திருக்கிறார்கள். அப்போது இசையமைப்பாளர் பெயரை வைத்துத் தேடாமல், பட்டியலில் உள்ள மெட்டுகளின் பெயரை ஒவ்வொன்றாகத் தேடிக் கேட்க வேண்டும்.