வாங்கும் முன் கேளுங்கள்: 80 ரூபாய் அடாப்டர்

புது ஃபோனில் ஹெட்போன் ஜாக் இல்லை. கும்பகோணத்தில் 80 ரூபாய்க்கு டைப்-சி அடாப்டர் வாங்கினேன். எல்லா ஃபோனுக்கும் சேரும் என்றார்கள். மாட்டினால் பாட்டு ஃபோன் ஸ்பீக்கரிலேயே ஓடுகிறது. என் பழைய ஹெட்போன் போய்விட்டதா? (வலங்கைமான் வாசகர்)

ஹெட்போன் நன்றாகத்தான் இருக்கும். கடைக்காரர்தான் உங்களை ஏமாற்றிவிட்டார்.

வெளியே பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும் இந்த அடாப்டரில் இரண்டு வகை உண்டு. ஒன்றின் உள்ளே வெறும் ஒயர். ஃபோனே பாட்டை ஒலி மின்சாரமாக மாற்றி டைப்-சி வழியாக வெளியே அனுப்பினால்தான் அது வேலை செய்யும். சில ஃபோன்கள் அப்படி அனுப்பும். கேலக்ஸி எஸ் வரிசையில் ஜாக் இல்லாதவை, பிக்சல் போன்றவை அனுப்பாது. இன்னொரு வகையில் 'டேக்' என்னும் சின்னச் சிப் இருக்கிறது. ஃபோன் டிஜிட்டலாகத் தருவதை அந்தச் சிப் ஒலியாக மாற்றும். உங்களுக்கு வேண்டியது இதுதான். பெட்டியில் இதை எழுதாமல் விற்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தீராத எரிச்சல். "ஒரிஜினல் சார்" என்று என் தலையில் கட்டிய வெறும் ஒயர் ஒன்று என் மேஜையிலும் கிடக்கிறது.

கண்டுபிடிப்பது சுலபம். அடாப்டரில் ஹெட்போனை மாட்டி, டைப்-சி உள்ள லேப்டாப்பில் செருகி, ஒலி வெளியீட்டுப் பட்டியலைத் திறங்கள். புதிதாக ஒரு பெயர் வந்தால் உள்ளே சிப் இருக்கிறது. எதுவும் வராவிட்டால் வெறும் ஒயர். சிப் இருந்தும் ஃபோனில் சத்தம் வரவில்லையா? ஓப்போ, ரியல்மி ஃபோன்களில், வெளிச் சாதனங்களை இணைக்க உதவும் ஓடிஜி செட்டிங்ஸில் அணைந்திருக்கலாம், அதைப் போடுங்கள். அடுத்த முறை உங்கள் ஃபோனையும் ஹெட்போனையும் கடைக்கே எடுத்துப் போங்கள். இரண்டு காதிலும் கேட்ட பிறகு காசு கொடுங்கள்.

பில் இருக்கிறதா? 'விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது' என்று அதில் அச்சிட்டிருந்தால் பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு போடாவிட்டால் 30 நாள் கணக்கு. சேரும் என்று சொல்லி விற்றதை அவரிடமே எடுத்துச் சொல்லுங்கள். மசியாவிட்டால் 1915-க்குப் போன் போடுங்கள்.

எல்டேக் உள்ள ஹெட்போன் 12,000 ரூபாய்க்கு வாங்கினேன். என் ஐபோனில் எல்டேக் என்று எங்கேயும் காட்டவில்லையே? (மன்னார்குடி வாசகர்)

காட்டாது. எல்டேக் என்பது ப்ளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் ஒரு முறை. ஐபோனுக்குத் தெரிந்த முறைகள் ஏஏசியும் எஸ்பிசியும்தான். வாங்கும் முன் கேட்டிருக்கலாம்.

ஸ்டீரியோ என்று போட்ட ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கினேன். கச்சேரிப் பதிவில் நாகஸ்வரம் ஒரு பக்கம், தவில் ஒரு பக்கம் என்று பிரியவே இல்லை. (திருவையாறு வாசகர்)

ஒரே பெட்டிக்குள் ஒரு சாண் தள்ளி இரண்டு ஸ்பீக்கர் இருந்தால், ஏழெட்டு அடி தள்ளி உட்காரும் உங்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். அதே மாடலில் இன்னொன்றை ஜோடி சேர்க்க வசதி உண்டா என்று கையேட்டில் பாருங்கள். இருந்தால் இரண்டையும் ஆறடி இடைவெளியில் வைத்து, இரண்டுக்கும் சம தூரத்தில் ஆறடி தள்ளி உட்காருங்கள். அதற்கு முன், பதிவே இரண்டு பக்கமும் ஒரே ஒலி தரும் மோனோவா என்று ஹெட்போனில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பழைய கேசட்டிலிருந்து ஏற்றியதென்றால் எந்த ஸ்பீக்கரிலும் பிரியாமல் போகலாம்.