பில்லில் ஏறாத சிகிச்சையும் பின்னால் ஏறும் தள்ளுபடியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கும்பகோணத்தில் சிறிய மருத்துவமனை ஒன்றின் கணக்கைப் பார்க்கிறேன். பில்லில் சேராமல் விடுபட்ட சிகிச்சைகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பில்லிலிருந்து தொடங்காதீர்கள், விடுபட்டது அதில் இருக்காது. செவிலியர் குறிப்பேடு, அறுவை அரங்கப் பதிவேடு, ஆய்வக இயந்திரத்தின் எண்ணிக்கை ஆகியவற்றிலிருந்து தொடங்கிப் பில்லுக்கு வாருங்கள். உதாரணமாக, ஒரு நோயாளிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் திங்கள் மாலை 6 மணிக்குத் தொடங்கிய ஆக்சிஜன் புதன் காலை 6 மணிக்கு நிறுத்தப்பட்டு, அவர் உடனே வார்டுக்கு மாற்றப்பட்டார் எனக் கொள்வோம். மணிக்கு 150 ரூபாய் வீதம் 36 மணி நேரத்துக்கு 5,400 ரூபாய் வர வேண்டும்; பில்லில் இருப்பதோ 4,500. நள்ளிரவுப் பதிவின்போது நோயாளி எந்தப் பிரிவில் இருக்கிறாரோ அந்தப் பிரிவே அன்றைய கட்டணத்தை ஏற்றுகிறது என்றால், புதன் இரவு அவர் வார்டில் இருந்ததால் அதிகாலையின் 6 மணி நேரத்தை யாரும் ஏற்றவில்லை என்பது புலப்படும். இது ஒரு செவிலியரின் கவனக்குறைவு அன்று, நடைமுறையிலுள்ள ஓட்டை. எனவே அந்த மாதம் பிரிவு மாற்றப்பட்ட நோயாளிகளின் கோப்புகள் அனைத்தையும் பாருங்கள். இதே ஒப்பீட்டில், கொடுக்காத சிகிச்சைக்குப் பணம் வாங்கியிருப்பது தெரிந்தால் அதையும் அறிக்கையில் கட்டாயம் எழுதுங்கள்.

கேள்வி: மன்னார்குடியில் எங்கள் மருத்துவமனையில் "டாக்டர் சொன்னார்" என்று தள்ளுபடி போடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் பிறகு கையெழுத்தும் வாங்கிவிடுகிறார்கள். அது போதாதா?

பதில்: போதாது. கையெழுத்து இருக்கிறதா என்பதைவிட அது எப்போது போடப்பட்டது என்பதே முக்கியம். பணம் வாங்கிய நேரம், தள்ளுபடி கணினியில் ஏறிய நேரம், ஒப்புதல் நேரம் ஆகிய மூன்றையும் வரிசைப்படுத்துங்கள். 18,500 ரூபாயை முழுவதும் ரொக்கமாகக் கட்டிய நோயாளி வீடு திரும்பிய பிறகு 2,500 ரூபாய் தள்ளுபடி ஏறியிருந்தால், அந்தப் பணம் அவர் கைக்குத் திரும்பியதா என்று அவரிடமே கேட்க வேண்டும்.

டெல்டாவில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சம்பா அறுவடைக்குப் பின் மீதியைக் கட்டுவதாகச் சொல்லும் குடும்பங்களுக்கு, பில்லை முடித்து வைக்கும் வசதிக்காக மீதித் தொகையைத் தள்ளுபடியாக எழுதிவிடுவார்கள். பின்னர் அவர்கள் நேர்மையாகக் கொண்டுவந்து கட்டும் பணத்துக்குக் கணக்கில் இடமே இருக்காது. அது யார் கைக்குப் போனாலும் தெரியாது. நிலுவையை நிலுவையாகவே எழுதச் சொல்லுங்கள். இறுதி பில்லுக்குப் பிந்தைய தள்ளுபடியை நோயாளியின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்ப வேண்டும். பதிவு செய்பவரும் ஒப்புதல் தருபவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும்.

கேள்வி: முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசிகள் பில்லில் இல்லை. இதுவும் வருவாய்க் கசிவா?

பதில்: சிகிச்சை முழுவதற்கும் சேர்த்துத் திட்டம் தரும் தொகுப்புக் கட்டணத்துக்குள் அடங்கியவை என்றால் கசிவு இல்லை, அவற்றுக்காக நோயாளியிடம் தனியாகப் பணம் கேட்கவும் கூடாது. ஆனால் மருந்தகத்திலிருந்து வெளியேறிய பொருள் அந்த நோயாளியின் பெயரில் செலவாகப் பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகவில்லை என்றால் இருப்புக் கணக்கைத் தணிக்கை செய்யுங்கள்.