நிராகரிப்புக்குப் பிறகு ரெஸ்யூமே பற்றிக் கேட்பது

"நேர்காணலுக்கே கூப்பிடாமல் நிராகரித்துவிட்டார்கள். ரெஸ்யூமேயில் என்ன குறை என்று ரெக்ரூட்டரிடம் மெயிலில் எப்படிக் கேட்பது?"

"ஏன் என்னை எடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். அதற்கு எழுத்தில் பதில் தந்தால் பின்னால் வழக்காகலாம் என்று பல நிறுவனங்கள் தயங்கும். பொதுவான ஒரு வரிதான் திரும்பி வரும். ரெஸ்யூமேயில் ஒரே ஒரு இடத்தைக் காட்டிக் கேளுங்கள். தரவு ஆய்வாளர் வேலை என்றால் இப்படி:

"வணக்கம். முடிவைத் தெரிவித்ததற்கு நன்றி. அதை மாற்றக் கேட்டு எழுதவில்லை. என் எஸ்க்யூஎல் அனுபவம் ரெஸ்யூமேயின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அது கண்ணில் படாமல் போனதா, அல்லது அந்த அனுபவமே இந்தப் பணிக்குப் போதவில்லையா? ஒரு வரி எழுதினால் போதும். நேரமில்லையென்றால் பரவாயில்லை."

கண்ணில் படவில்லை என்று பதில் வந்தால், அதை முதல் பக்கத்துக்கு ஏற்றிவிடலாம். அனுபவம் போதவில்லை என்றால் ரெஸ்யூமேயை எத்தனை முறை திருத்தியும் பயனில்லை, அப்புறம் வேறு மாதிரிப் பணிகளுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

நிராகரிப்பு மெயிலுக்கே பதிலாக அனுப்புங்கள். எந்தப் பணி என்று அவர் தேட வேண்டியிருக்காது. அந்த முகவரி noreply என்று தொடங்கினால் மட்டும், முன்பு உங்களோடு மெயிலிலோ போனிலோ தொடர்பில் இருந்த ரெக்ரூட்டருக்கு எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அவ்வளவுதான்.